மூன்று விதி, ஒரே நீராவிக் குழாய்: ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடத்தைச் சுருக்குவது பற்றி

மூன்றாமாண்டு_மெக்

வணக்கம். செமஸ்டர் நெருங்குகிறது, ஹீட் டிரான்ஸ்ஃபர் முதல் பாடத்தை ஒரு பக்கத்துக்குள் சுருக்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். விதி, அலகு, எந்த மாதிரிக் கேள்வியில் எது வரும் என்கிற குறிப்பு, இந்த மூன்றும் இருந்தால் போதும் என்பது திட்டம். இதுவரை எழுதியது இவ்வளவுதான்:

```
கடத்தல்      q = -k A dT/dx             k : W/m·K
சலனம்       q = h A (Ts - T∞)          h : W/m²·K
கதிர்வீச்சு    q = ε σ A (Ts⁴ - Tsur⁴)    σ = 5.67×10⁻⁸ W/m²·K⁴
```

விதிகளை மனப்பாடம் செய்வது பிரச்சினை இல்லை. ஆனால் கணக்கு என்று வந்தால் எதில் தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறேன். உதாரணத்துக்கு ஒரு பழைய வினாத்தாள் கணக்கு: வெளிவிட்டம் 88.9 மி.மீ. உள்ள நீராவிக் குழாய் ஒரு பெரிய அறைக்குள் படுக்கையாகப் போகிறது. குழாயின் மேற்பரப்பு 150°C, அறையின் காற்றும் சுவர்களும் 30°C, எமிசிவிட்டி 0.8. ஒரு மீட்டர் நீளத்துக்கு எவ்வளவு வெப்பம் இழக்கும்? அடுத்து 50 மி.மீ. ராக்வூல் (k = 0.05) சுற்றினால் எவ்வளவு குறையும்?

இதில் h கொடுக்கவே இல்லை. அதை எங்கிருந்து எடுப்பது? ரேடியேஷனைச் சேர்க்க வேண்டுமா, விட்டுவிடலாமா? சுருக்கத்தில் எந்த வரியை எழுதி வைத்தால் இந்தக் கேள்விகளே வராது?

---

டேட்டாபுக்

இது சின்னக் கணக்கு, ரொம்ப யோசிக்க வேண்டாம். ரேடியேஷன் என்பது ஃபர்னஸ், கொதிகலனின் தீயறை மாதிரி 500, 600 டிகிரிக்கு மேல் போகிற இடத்தில்தான் முக்கியம். 150 டிகிரிக் குழாயில் அதை விட்டுவிடலாம். எமிசிவிட்டி கொடுத்திருப்பது குழப்புவதற்காக இருக்கும். காற்றில் h என்றால் 10 என்று எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு ஒரு மீட்டருக்கு π × 0.0889 = 0.279 ச.மீ., வெப்பநிலை வித்தியாசம் 120. ஆக 10 × 0.279 × 120 = 335 வாட். அவ்வளவுதான்.

சுருக்கத்தில் முதல் வரியாக இதை எழுதுங்கள்: எந்தக் கணக்காக இருந்தாலும் முதலில் எல்லா வெப்பநிலையையும் கெல்வினுக்கு மாற்றிவிட வேண்டும். பாதி மார்க் அங்கேதான் போகிறது.

---

பாய்லர்ஹவுஸ்

மேலே சொன்னதில் கெல்வின் விஷயம் பாதி சரி. ரேடியேஷன் விஷயத்தை நான் ஏற்கவில்லை. நான் ஒரு ஆலையின் நீராவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன், இந்த மாதிரிக் குழாய்கள்தான் என் அன்றாடம். தம்பி, இதே கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள்.

முதலில் ரேடியேஷன். 150°C என்பது 423 K, 30°C என்பது 303 K. நான்காம் அடுக்கு போட்டால் 3.20×10¹⁰, 0.84×10¹⁰. வித்தியாசம் 2.36×10¹⁰. அதை σ-வாலும் 0.8-ஆலும் பெருக்கினால் ச.மீ.க்கு 1070 வாட். ஒரு மீட்டர் குழாய்க்கு 0.279-ஆல் பெருக்கினால் 299 வாட்.

அடுத்து கன்வெக்‌ஷன். கேள்வியில் காற்றின் வேகம் கொடுக்கவில்லை. அப்படியானால் விசிறியோ வெளிக்காற்றோ இல்லை, சூடான காற்று தானாக மேலே எழும்புகிறது. அதனால் ரெனால்ட்ஸ் எண்ணைத் தேடக் கூடாது, கிராஷாஃப் எண்ணுக்குத்தான் போக வேண்டும். காற்றின் குணங்களை 150-லும் எடுக்கக் கூடாது, 30-லும் எடுக்கக் கூடாது, இரண்டின் சராசரியான 90°C-இல் எடுக்க வேண்டும். டேட்டா புக்கில் 90°C காற்றுக்கு ν = 22.1×10⁻⁶ m²/s, k = 0.0313 W/m·K, Pr = 0.69. β = 1/363. இந்தப் பகுதியில் β-வுக்கு மட்டும் கெல்வின் கட்டாயம்.

```
Gr = g β ΔT D³ / ν²
   = 9.81 × (1/363) × 120 × 0.0889³ / (22.1×10⁻⁶)²
   ≈ 4.67×10⁶
Ra = Gr × Pr ≈ 3.2×10⁶
Nu = 0.48 Ra^0.25 ≈ 20.3
h  = Nu k / D ≈ 7.2 W/m²·K
```

7.2 × 0.279 × 120 போட்டால் சுமார் 240 வாட். ஆக கன்வெக்‌ஷன் 240, ரேடியேஷன் 299, மொத்தம் 540 வாட் பக்கம். 150 டிகிரியிலேயே ரேடியேஷன்தான் பெரிய பங்கு. அதை விட்டுவிட்டால் விடையில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும்.

காரணம் என்னவென்றால், அசையாத காற்றில் h மிகவும் சின்னது. ரேடியேஷன் 150 டிகிரியில் அதிகமாகிவிட்டது என்பதை விட, அதற்குப் போட்டியாக நிற்கிற கன்வெக்‌ஷன் பலவீனமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது நல்லது. 1070-ஐ 120-ஆல் வகுத்தால் 8.9 W/m²·K வரும், அதுதான் ரேடியேஷனுக்கான h மாதிரியான எண். 7.2-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பெரியது என்று உடனே தெரிந்துவிடும்.

சுருக்கத்தில் எழுத வேண்டிய வரி இது: காற்று தானாக நகர்கிறது, எமிசிவிட்டி கொடுத்திருக்கிறார்கள் என்றால் ரேடியேஷனைச் சேர்க்காமல் விடக் கூடாது.

---

டேட்டாபுக்

சரி, 299 என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் சொன்னது முழுக்கத் தவறில்லை. இதே குழாய் வெளியில் காற்றடிக்கிற இடத்தில் இருந்தால்?

---

பாய்லர்ஹவுஸ்

அப்போது நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 5 மீட்டர்/செகண்டு காற்று குழாய்க்குக் குறுக்கே அடித்தால் h சுமார் 27 வரும். கன்வெக்‌ஷன் ச.மீ.க்கு 3300 வாட் பக்கம் போய்விடும், ரேடியேஷன் அதே 1070-இல் நிற்கும். அங்கேகூட அது கால் பங்கு. மொத்தமாக விடுவதற்கு நான் தயங்குவேன். வேகம் இன்னும் கூடினாலோ, குழாய்க்கு வெளியே காற்றுக்குப் பதில் தண்ணீர் ஓடினாலோ தாராளமாக விடலாம். தண்ணீர் ஓடினால் h ஆயிரக்கணக்கில் போகும்.

அதனால் வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எதிரில் எந்தத் திரவம் அல்லது வாயு, அது எப்படி நகர்கிறது என்று பாருங்கள்.

---

மொட்டைமாடி

நானும் இதையேதான் கேட்க நினைத்தேன். எங்கள் வீடு மேல்மாடி, கான்கிரீட் கூரை. வெயில் மதியம் உச்சத்தில் இருக்கும்போது வீட்டுக்குள் அவ்வளவு மோசமில்லை. சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குத்தான் மேலேயிருந்து வெக்கை இறங்குகிறது. ஃபேன் போட்டால் இன்னும் சூடான காற்று வருகிற மாதிரி இருக்கிறது. கூரையின் தடிமன் 12 செ.மீ. இருக்கும். மேலே சொன்ன சூத்திரத்தில் k, தடிமன் எல்லாம் போட்டால் எத்தனை வாட் வருகிறது என்று யாராவது சொல்ல முடியுமா? வெள்ளை அடிப்பதா, உள்ளே ஃபால்ஸ் சீலிங் போடுவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

---

வகுப்பறை

மொட்டைமாடி, உங்கள் கேள்வி மேலே உள்ள கணக்கிலிருந்து கொஞ்சம் விலகியது, ஆனால் மாணவருக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன். அந்தச் சூத்திரத்தில் அப்படியே போட்டால் உங்களுக்குத் தவறான படம்தான் கிடைக்கும். அது வெப்பநிலைகள் நேரத்தோடு மாறாத நிலைக்கானது. உங்கள் கூரை காலையில் சூடாகத் தொடங்கி, வெப்பத்தைத் தனக்குள்ளேயே சேமித்துக்கொண்டு, தாமதமாகக் கீழே விடுகிறது. அந்தத் தாமதத்தைத் தோராயமாகப் பார்க்க k மட்டும் போதாது. k-ஐ அடர்த்தியாலும் தன்வெப்பத்தாலும் வகுத்த α வேண்டும். கான்கிரீட்டுக்கு அது சுமார் 7×10⁻⁷ m²/s.

```
L² / α = 0.12² / (7×10⁻⁷) ≈ 20,000 s ≈ 5.7 மணி
```

இது கடிகாரம் மாதிரித் துல்லியமான எண் இல்லை. மதிய உச்சம் உள்பக்கத்துக்கு வந்துசேர 3, 4 மணி நேரம் ஆகும் என்று எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் சொல்கிற சாயங்கால வெக்கைக்கு இது பொருந்துகிறது. ஆறு மணிக்கு உங்கள் தலைக்கு மேலே இருப்பது சூடான ஒரு பெரிய பரப்பு. அது உங்கள் மேல் நேரடியாகக் கதிர்வீசுகிறது, ஃபேன் அதைத் தடுக்காது. கூரைக்கு அருகே சூடான காற்றையும் ஃபேன் கீழே தள்ளுகிறது.

வெள்ளைப் பூச்சு சூரிய ஒளியை உறிஞ்சுவதைக் குறைக்கும், அதாவது வெப்பம் கூரைக்குள் நுழைவதையே குறைக்கும். ஃபால்ஸ் சீலிங் நுழைந்துவிட்ட வெப்பம் உங்களிடம் வருவதைக் குறைக்கும். முதலில் வெள்ளை அடித்துப் பாருங்கள், செலவும் குறைவு.

மாணவருக்கு இதிலிருந்து ஒரு குறிப்பு. கேள்வியில் நிமிடம், மணி, "எவ்வளவு நேரத்தில்" என்று எங்காவது வந்தால் மேலே எழுதிய மூன்று வரிகள் மட்டும் போதாது, அடர்த்தியையும் தன்வெப்பத்தையும் தேடுங்கள். அவை கொடுக்கப்பட்டிருந்தால் அது நேரத்தோடு மாறும் கணக்குதான் என்று கிட்டத்தட்ட உறுதி.

---

மொட்டைமாடி

நன்றி மேடம். வெள்ளை அடிக்கிறேன். ராத்திரி பதினோரு மணி வரை சுவரும் சுடுகிறது, அது இன்னொரு நாள் கேட்கிறேன்.

---

மூன்றாமாண்டு_மெக்

பாய்லர்ஹவுஸ் சார், ரொம்ப நன்றி. முதல் பகுதி புரிந்தது. இரண்டு சந்தேகம். ஒன்று, 0.48 எங்கிருந்து வந்தது? என் நண்பன் வைத்திருக்கிற குறிப்பில் 0.53 Ra^0.25 என்று இருக்கிறது. இரண்டு, கெல்வின் விஷயம் பாதி சரி என்றீர்களே, மீதிப் பாதி என்ன?

---

பாய்லர்ஹவுஸ்

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். கடத்தலிலும் சலனத்திலும் வெப்பநிலை வித்தியாசம்தான் வருகிறது. 150-இலிருந்து 30 போனாலும் 120, 423-இலிருந்து 303 போனாலும் 120. அதனால்தான் k-இன் அலகை W/m·K என்று எழுதினாலும் W/m·°C என்று எழுதினாலும் எண் மாறாது. இரண்டையும் பார்த்து மாற்ற வேண்டுமோ என்று பயந்து 273-ஐக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 120-ஐ 393 ஆக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ரேடியேஷனில் நான்காம் அடுக்கு வருவதால் கெல்வின் இல்லாமல் நடக்காது. இதே கணக்கில் செல்சியஸை அப்படியே போட்டால் என்ன வரும் என்று பாருங்கள். 150⁴ இலிருந்து 30⁴-ஐக் கழித்து, σ, 0.8 பெருக்கினால் ச.மீ.க்கு 23 வாட். சரியான விடை 1070. ஆபத்து என்னவென்றால் 23 என்பது பார்ப்பதற்குத் தவறாகத் தெரியாது. "ரேடியேஷன் ரொம்பக் குறைவு, விட்டுவிடலாம்" என்று அதற்கு ஒரு காரணமும் எழுதிவிட்டுப் போய்விடுவோம். சரிபார்க்க எளிய வழி, ரேடியேஷன் விடையை ΔT-ஆல் வகுங்கள். எமிசிவிட்டி 0.8, 0.9 உள்ள பரப்பு, அறை வெப்பநிலைப் பக்கம் இருந்தால் 5 W/m²·K சுற்றி வர வேண்டும், இந்தக் குழாய் மாதிரி இருந்தால் 8, 9. உங்களுக்கு 0.2 வந்தால் செல்சியஸ் உள்ளே புகுந்திருக்கிறது.

0.48 பற்றி மேடம் சொன்னால் நன்றாக இருக்கும். நான் எங்களிடம் உள்ள டேட்டா புக்கில் இருப்பதை எடுத்தேன்.

---

வகுப்பறை

இரண்டுமே புழக்கத்தில் உள்ளவை. இரண்டும் சோதனைத் தரவுகளுக்குப் பொருத்திய கோடுகள், ஃபூரியே விதி மாதிரி எங்கும் பொருந்துகிறவை இல்லை. படுக்கைக் குழாய்க்கு Ra 10⁴-இலிருந்து 10⁷ வரை 0.48, 0.25 என்று ஒன்று. 10⁴-இலிருந்து 10⁹ வரை 0.53, 0.25 என்று பழையது ஒன்று. இந்தக் கணக்கில் 0.53 போட்டால் h = 7.9 வரும், கன்வெக்‌ஷன் 240-க்குப் பதில் 265 வாட். மொத்தம் 540-க்குப் பதில் 564. ஐந்து சதவீத வித்தியாசம். இதற்காக மனதைப் போட்டு உழப்ப வேண்டாம். h என்ற எண்ணையே பத்து, இருபது சதவீதத்துக்கு மேல் யாரும் துல்லியமாகச் சொல்ல முடியாது. தேர்வில் எந்தச் சமன்பாட்டை எடுத்தீர்கள், உங்கள் Ra அதன் எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒரு வரி எழுதுங்கள். திருத்துகிறவர் அதைத்தான் பார்க்கிறார்.

உங்கள் சுருக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்று விதிகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே தரத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் k ஒரு பொருளின் குணம். ராக்வூலுக்கு 0.05, கார்பன் ஸ்டீலுக்கு 50, செம்புக்கு 400 என்று அட்டவணையில் தேடி எடுக்கலாம். h அப்படி இல்லை. அது காற்றின் குணமும் இல்லை, குழாயின் குணமும் இல்லை. வடிவம், வேகம், வெப்பநிலை வித்தியாசம் எல்லாம் சேர்ந்து அந்த நேரத்துக்கு உருவாகிற எண். "காற்றுக்கு h = 10" என்று மனப்பாடம் செய்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். அதனால் சலனத்தின் வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்: h கொடுத்திருக்கிறார்களா? கொடுக்கவில்லை என்றால் வேகம் கொடுத்திருக்கிறார்களா? வேகம் இருந்தால் Re, இல்லையென்றால் Gr. இரண்டு வழியும் Nu-வில் போய்ச் சேரும், அங்கிருந்து h.

அப்புறம் இன்னொரு இடம். Nu = hD/k என்பதிலும் Bi = hL/k என்பதிலும் ஒரே எழுத்து k. முன்னதில் அது வெளியே உள்ள காற்றின் k, பின்னதில் திடப்பொருளின் k. மேலே பாருங்கள், 0.0313 என்று காற்றின் k-ஐத்தான் போட்டிருக்கிறார். அங்கே ஸ்டீலின் 50-ஐப் போட்டால் h பதினோராயிரத்தைத் தாண்டும். அசையாத காற்றில் h ஆயிரத்தைத் தொட்டாலே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பாருங்கள்.

---

டேட்டாபுக்

இரண்டாவது பகுதிக்கு நான் வருகிறேன். இதில் ஒரு பொறி இருக்கிறது. குழாய்க்கு இன்சுலேஷன் சுற்றினால் வெப்ப இழப்பு அதிகமாகவும் ஆகலாம். கிரிட்டிக்கல் ரேடியஸ். சுற்றச் சுற்ற வெளிப்பரப்பு பெரிதாகிறது, பெரிய பரப்பிலிருந்து கன்வெக்‌ஷன் கூடுகிறது. அதனால் 50 மி.மீ. சுற்றினால் குறையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது.

---

பாய்லர்ஹவுஸ்

தத்துவம் சரி, இந்தக் குழாய்க்குப் பொருந்தாது. கிரிட்டிக்கல் ரேடியஸ் என்பது k/h. இங்கே 0.05-ஐ 10-ஆல் வகுத்தால் 0.005 மீட்டர், அதாவது 5 மி.மீ. நம் குழாயின் ஆரமே 44 மி.மீ. நாம் ஏற்கெனவே அந்த எல்லையைத் தாண்டி நிற்கிறோம், இனி சுற்றுகிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் இழப்பைக் குறைக்கத்தான் செய்யும். இது வேலை செய்கிற இடம் மின்கம்பி. ஒரு மி.மீ. ஆரமுள்ள செம்புக் கம்பிக்கு மேலே பி.வி.சி. உறை இருந்தால், அதன் k 0.17 பக்கம், k/h 17 மி.மீ. வரும். அங்கே உறை போட்டதால் கம்பி குளிர்கிறது. ஆக, கேள்வியில் கம்பி அல்லது மெல்லிய டியூப் என்று வந்தால் k/h போட்டுப் பாருங்கள், நீராவிக் குழாய் என்றால் அரை நிமிடத்தில் தாண்டிப் போகலாம்.

இப்போது கணக்கு. உருளை வடிவம் என்பதால் தடிமனை k-ஆல் வகுக்கிற சுவர்க் கணக்கு இங்கே கிடையாது. பரப்பு வெளியே போகப் போகப் பெரிதாகிறது, அதனால் ln வருகிறது.

```
r1 = 44.45 mm,  r2 = 94.45 mm
R(ராக்வூல்) = ln(r2/r1) / (2π k) = 0.754 / 0.314 = 2.40 m·K/W
R(வெளிப்பரப்பு) = 1 / (h × 2π r2) = 1 / (8.4 × 0.593) = 0.20
q = 120 / 2.60 ≈ 46 W/m
```

வெளிப்பரப்பின் h-ஐ 8.4 என்று எடுத்தது கன்வெக்‌ஷன், ரேடியேஷன் இரண்டும் சேர்த்து. முதலில் 10 என்று வைத்துக்கொண்டு பரப்பு வெப்பநிலையைக் கண்டுபிடித்தேன், 38 டிகிரி வந்தது, அந்த வெப்பநிலைக்குத் திரும்ப h போட்டேன், கன்வெக்‌ஷனுக்கு 3.1, ரேடியேஷனுக்கு 5.3. திரும்பச் செய்தால் பரப்பு 39 டிகிரியில் நிற்கிறது. இரண்டு சுற்றுக்கு மேல் தேவைப்படாது, ஏனென்றால் மொத்தத் தடையில் 2.40 ராக்வூலுடையது. வெளியே உள்ள 0.20 கொஞ்சம் தப்பினாலும் விடை அசையாது.

540 வாட் 46 வாட் ஆகிறது. மின்விளக்கு மாதிரிச் சின்ன எண்ணாகத் தெரியலாம், ஆனால் நூறு மீட்டர் குழாய்க்கு அது 54 கிலோவாட்டுக்கும் 4.6 கிலோவாட்டுக்கும் உள்ள வித்தியாசம். அது இராப்பகலாக எரிகிற எரிபொருள்.

ஒரு எச்சரிக்கை, கால்குலேட்டரில் ln-க்குப் பதில் log அழுத்தினால் 0.754 இருக்க வேண்டிய இடத்தில் 0.327 வரும். விடை 46-க்குப் பதில் 97 வாட் பக்கம் போகும். அதுவும் நம்பும்படியான எண்தான். ஆரங்களின் விகிதம் 2 என்றால் ln 0.69 என்று மட்டும் நினைவில் வைத்தால் இங்கே மாட்ட மாட்டீர்கள்.

---

மூன்றாமாண்டு_மெக்

சார், ஸ்டீல் சுவரின் தடையை நீங்கள் போடவே இல்லையே? குழாயின் தடிமன் 5.5 மி.மீ. என்று கொடுத்தால்?

---

பாய்லர்ஹவுஸ்

போட்டுப் பார்க்கலாம். உள்ளாரம் 39 மி.மீ., k = 50. ln(44.45/38.96) = 0.132, அதை 314-ஆல் வகுத்தால் 0.0004. ராக்வூலின் 2.40-க்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. 46 வாட் அதன் வழியே போகும்போது ஸ்டீலின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் 0.02 டிகிரிதான் வித்தியாசம். உள்ளே நீராவி குளிர்ந்து நீராகிற பக்கத்தில் h ஆயிரக்கணக்கில் இருப்பதால் அந்தத் தடையும் இதே கதி. இதனால்தான் நீராவியின் வெப்பநிலையையே குழாய்ப் பரப்பின் வெப்பநிலையாக எடுத்துக்கொள்கிறோம்.

எந்தக் கணக்கிலும் எல்லாத் தடைகளையும் வரிசையாக எழுதி, எது பெரியது என்று பாருங்கள். தொடராக இருக்கும் தடைகளில் பெரியதுதான் விடையைத் தீர்மானிக்கிறது. கவனிக்க, வெளிப்பரப்பில் கன்வெக்‌ஷனும் ரேடியேஷனும் தொடராக இல்லை, பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே h-களைக் கூட்டுகிறோம், தடைகளை இல்லை.

பழைய வரைபடங்களில் k-ஐ kcal/h·m·°C என்று போட்டிருப்பார்கள். எங்கள் ஆலையிலேயே அப்படி நிறைய இருக்கின்றன. அதை 1.163-ஆல் பெருக்கினால்தான் W/m·K. 0.043 என்று பார்த்தால் அது நம் 0.05.

---

வகுப்பறை

ஒன்றைச் சேர்க்கிறேன். சில வினாத்தாள்களில் "ரேடியேஷனையும் உள்ளடக்கிய h = 10" என்று கொடுத்துவிட்டு எமிசிவிட்டியையும் கொடுப்பார்கள். அங்கே ரேடியேஷனைத் தனியாகப் போட்டால் இரண்டு முறை எண்ணியதாகிவிடும். எமிசிவிட்டியைப் பார்த்ததும் பாயாமல், h-க்கு முன்னால் என்ன அடைமொழி இருக்கிறது என்று படியுங்கள்.

அதே மாதிரி ரேடியேஷன் சூத்திரத்தின் அந்த வடிவம், சின்னப் பொருளைப் பெரிய அறை சுற்றியிருக்கும்போதுதான் சரி. இரண்டு தட்டுகள் எதிரெதிரே அருகருகே நின்றால் இரண்டின் எமிசிவிட்டியும் வரும். "பெரிய அறை" என்ற சொல் கேள்வியில் இருப்பது இதற்காகத்தான்.

---

காண்டிராக்டர்_லேகிங்

நான் இன்சுலேஷன் வேலை எடுத்துச் செய்கிறவன், படித்தது ஐ.டி.ஐ. கணக்கு எனக்கு அவ்வளவு வராது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ராக்வூல் சுற்றி மேலே பளபளப்பான அலுமினியத் தகடு போடுகிறோம். தகடு போட்ட பிறகு கையை வைத்தால், வெறும் துணி சுற்றிப் பெயிண்ட் அடித்த குழாயை விடச் சூடாக இருக்கிறது. கிளையன்ட் "சூடாக இருக்கிறது, இன்சுலேஷன் சரியில்லை, வெப்பம் வீணாகிறது" என்று பில்லை நிறுத்துகிறார். ராக்வூல் ஒரே தடிமன், ஒரே கம்பெனி. ஏன் இப்படி?

---

பாய்லர்ஹவுஸ்

அண்ணே, உங்கள் வேலையில் தப்பில்லை. இதே கணக்கை அலுமினியத்துக்குப் போட்டுவிட்டேன். புதுத் தகட்டின் எமிசிவிட்டி 0.1 என்று வைத்தால் ரேடியேஷனின் பங்கு 5.3-இலிருந்து 0.7-க்கு இறங்கிவிடுகிறது. வெப்பம் வெளியே போக வழி குறைகிறது, அதனால் பரப்பு சூடேறுகிறது, சூடேறியதால் கன்வெக்‌ஷன் கொஞ்சம் கூடி 3.8 ஆகிறது. மொத்த h 4.5 பக்கம். வெளித்தடை 0.20-இலிருந்து 0.38 ஆகிறது. விடை:

```
பெயிண்ட் (ε = 0.8):    46 W/m,  பரப்பு 39°C
அலுமினியம் (ε = 0.1):  43 W/m,  பரப்பு 46°C
```

தகடு ஏழு டிகிரி அதிகச் சூடு, ஆனால் இழப்பு மூன்று வாட் குறைவு. கையால் தொட்டு இழப்பைக் கணிக்க முடியாது என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. போதாததற்கு, உலோகம் கையிலிருந்தும் கைக்கும் வெப்பத்தைச் சட்டென்று கடத்துவதால் ஒரே வெப்பநிலையில்கூட துணியை விட அதிகமாகச் சுடுவது போல் தோன்றும்.

இன்னொன்று, அவர்கள் இன்ஃப்ராரெட் துப்பாக்கி வைத்து அளந்தால் கவனம். அதில் எமிசிவிட்டி 0.95 என்று அமைத்திருப்பார்கள். பளபளப்பான தகட்டில் அது பெரும்பாலும் அறையின் பிரதிபலிப்பைத்தான் படிக்கும், உண்மையை விடக் குறைவாகக் காட்டும். தகட்டில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, கொஞ்ச நேரம் விட்டு, டேப்பின் மேல் அளக்கச் சொல்லுங்கள்.

---

காண்டிராக்டர்_லேகிங்

டேப் ஒட்டி அளந்து காட்டுகிறேன். ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் தகடு தூசி படிந்து மங்கிவிடும். அப்போது இந்த 43 என்ன ஆகும்?

---

டேட்டாபுக்

மங்கினால் எமிசிவிட்டி கூடும், 46-ஐ நோக்கிப் போகும். அப்படியென்றால் டிசைன் செய்யும்போதே 0.1-ஐ எடுப்பது ஏமாற்றுவேலை மாதிரி ஆகாதா? இழப்புக்கு மோசமான எமிசிவிட்டியையும், கை சுடும் கணக்குக்குப் பளபளப்பையும் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

பாய்லர்ஹவுஸ்

கை சுடும் கணக்குக்கு 0.1 எடுப்பதில் எனக்கும் சம்மதம், எங்கள் ஸ்பெக்கில் தொடும் பரப்பு 60 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இழப்புக்கு எதை எடுப்பது என்பதில் எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு கட்சி. மூன்று வாட்டுக்காகச் சண்டை எதற்கு என்று எனக்குத் தோன்றும். ராக்வூல் நனைந்தால் அதன் k ஏறுகிற ஏற்றத்துக்கு முன்னால் இந்தத் தகட்டுக் கணக்கு சின்னது. தகட்டின் மடிப்பில் தண்ணீர் இறங்குகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

---

மூன்றாமாண்டு_மெக்

நனைந்த ராக்வூலுக்கு k எவ்வளவு எடுப்பது சார்? தண்ணீரின் 0.6-க்கும் 0.05-க்கும் நடுவில் சராசரி போடலாமா?

---

வகுப்பறை

வெறும் சராசரி வேண்டாம். உள்ளே இருக்கும் தண்ணீர் குழாய்ப் பக்கம் ஆவியாகி வெளிப்பக்கம் போய்த் திரும்ப நீராகிறது, வெப்பத்தைத் தன்னோடு தூக்கிக்கொண்டு போகிறது. அது ஃபூரியே விதிக்குள் அடங்கும் விஷயம் இல்லை. அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், நான் வருகிறேன். இதில் பாய்லர்ஹவுஸிடம் அளந்த எண்கள் இருந்தால் அவரும் போடட்டும்.